மாத்திரைக்குத் தெரிந்தது இடைவெளி மட்டுமே

ஞாயிறு இரவு 10 மணி. படுக்கப் போகும் முன் ஒரு செவிலியர் கருத்தடை மாத்திரை போட்டுக்கொள்கிறார். "படுக்கும் முன் ஒன்று" என்பது அவர் பல மாதமாகப் பழகிய கணக்கு. திங்கள் முதல் அவருக்கு ஒரு வாரம் நைட் டியூட்டி. இரவு 8 மணிக்கு வார்டுக்குள் நுழைந்தவர் செவ்வாய் காலை 8 மணிக்கு வெளியே வருகிறார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, 9 மணிக்குப் படுக்கும் முன் மாத்திரையைப் போடுகிறார். அவர் வழக்கத்தை மீறவில்லை, படுக்கும் முன் ஒன்றைப் போட்டுவிட்டார். ஆனால் முந்தைய மாத்திரைக்கும் இதற்கும் நடுவே 35 மணி நேரம் ஓடிவிட்டது.

சனிக்கிழமை காலையோடு நைட் டியூட்டி முடிகிறது. அன்று காலை 9 மணிக்கு ஒரு மாத்திரை போட்டிருக்கிறார். அன்றிரவு 10 மணிக்குப் படுக்கும்போது, "இன்றைக்குத்தான் போட்டாயிற்றே" என்று விட்டுவிடுகிறார். அடுத்தது ஞாயிறு இரவு 10 மணிக்கு. இப்போது இடைவெளி 37 மணி நேரம். ஒரே வாரத்தில் இரண்டு முறை மாத்திரை பெரிதாகப் பிந்தியிருக்கிறது. அவர் கணக்கில் ஒரு நாளும் தவறவில்லை.

ஷிப்ட் மாறி வேலை செய்கிறவர்களுக்கும் நாடு விட்டு நாடு பறக்கிறவர்களுக்கும் வரும் சிக்கல் இதுதான். காலை, இரவு, இன்று, நாளை, இந்திய நேரம், அமெரிக்க நேரம் என்பதெல்லாம் மாத்திரைக்குத் தெரியாது. போன மாத்திரை போட்டு எத்தனை மணி நேரமாயிற்று என்பது ஒன்றுதான் அதற்குக் கணக்கு. தூக்கம் தலைகீழானால் மாத்திரை வேலை செய்யாதோ என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. இடைவெளி நீளாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எவ்வளவு பிந்தலாம்?

இந்தக் கேள்விக்கு எல்லா மாத்திரைக்கும் பொதுவான பதில் கிடையாது. முதலில், கையில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஊரில் அதிகம் புழங்குவது இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த மாத்திரை. அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரும் மாலா-என், கடையில் விற்கும் மாலா-டி இரண்டும் இந்த வகை. ஒரு மாத்திரையில் எத்தினில் எஸ்ட்ராடியால் 0.03 மில்லிகிராமும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராமும் இருக்கும். அட்டையில் 28 மாத்திரைகள். அவற்றில் 21 ஹார்மோன் மாத்திரைகள், மீதி 7 வெறும் இரும்புச்சத்து.

இது வேலை செய்யும் முறை இப்படி: மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் கருமுட்டையை வளர்க்கும்படி சினைப்பைக்குச் சொல்கிறது. இரத்தத்தில் ஏற்கெனவே போதுமான ஹார்மோன் இருப்பதைக் கண்டால் அது சொல்வதை நிறுத்திக்கொள்கிறது. தொடர்ந்து 7 மாத்திரை போட்டால் சினைப்பை முழுதாக அடங்கிவிடுகிறது. அடங்கிய சினைப்பை ஒரே நாளில் விழித்துக்கொள்வதில்லை. அதனால் இந்த வகையில் ஒரு மாத்திரை 24 மணி நேரம் வரை பிந்தினாலும், அதாவது இரண்டு மாத்திரைகளுக்கு நடுவே 48 மணி நேரம் வரை போனாலும், பாதுகாப்பு குலைவதில்லை. மேலே சொன்ன செவிலியர் போடுவது இந்த வகையானால் 35 மணியும் 37 மணியும் அவரைக் கவிழ்க்காது.

ஆனால் இந்த வகைக்கும் ஒரு பலவீனமான இடம் உண்டு. ஹார்மோன் இல்லாத அந்த 7 நாளில் பிட்யூட்டரி மறுபடி வேலையைத் தொடங்குகிறது. சினைப்பையில் ஒரு முட்டைப்பை மெல்ல வளர ஆரம்பிக்கிறது. எட்டாம் நாள் புது அட்டையின் முதல் மாத்திரை வந்து அதை நிறுத்துகிறது. அந்த முதல் மாத்திரை ஓரிரு நாள் தள்ளிப்போனால், ஏற்கெனவே ஏழு நாள் நீண்டிருக்கும் இடைவெளி எட்டு, ஒன்பது என்று நீளும். முட்டை வெளிவர வாய்ப்பு கிடைப்பது அங்கேதான். அட்டையின் நடுவில் ஒன்றை மறப்பதைவிட, அட்டையைத் தொடங்கும் நாளை மறப்பதுதான் ஆபத்து.

இன்னொரு வகையில் புரோஜெஸ்டின் என்ற ஒரே ஹார்மோன்தான் இருக்கும். பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும், ஒற்றைத் தலைவலி, இரத்த அழுத்தம் போன்ற காரணங்களால் ஈஸ்ட்ரோஜன் ஆகாதவர்களுக்கும் மருத்துவர்கள் இதைத் தருவார்கள். இதில் டெசோஜெஸ்ட்ரல் 75 மைக்ரோகிராம் மாத்திரை முட்டை வெளிவருவதையே பெரும்பாலும் தடுத்துவிடும். அதற்கு 12 மணி நேரம் வரை தாமதம் பொறுக்கும். பழைய வகைகளான நோரெத்திஸ்டெரோன் 0.35 மில்லிகிராம், லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.03 மில்லிகிராம் போன்றவை அப்படியல்ல. அவற்றின் அளவு மிகக் குறைவு, எல்லா மாதமும் முட்டையைத் தடுக்கும் வலு அவற்றுக்கு இல்லை. கருப்பை வாயில் இருக்கும் சளியைக் கெட்டியாக்கி, விந்தணு நுழையாமல் அடைப்பதையே அவை பெரிதும் நம்பியிருக்கின்றன. மாத்திரை போட்டு 24 மணி நேரம் தாண்டினால் அந்தச் சளி மறுபடி நீர்க்கத் தொடங்கும். ஆகவே 3 மணி நேரத்துக்கு மேல் பிந்தக்கூடாது. அமெரிக்காவில் 2023 ஜூலையில் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்க அனுமதி பெற்ற ஓபில் மாத்திரைக்கும் இதே 3 மணி நேரக் கெடுதான்.

ஆக, தாங்கும் தாமதம் 24 மணி, 12 மணி, 3 மணி என்று வகைக்கு ஒன்றாக இருக்கிறது. உங்கள் மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் தாள் இதைவிடக் கண்டிப்பாகச் சொன்னால், அந்தத் தாள் சொல்வதையே கேளுங்கள்.

மூன்று ஷிப்டுக்கும் ஒரே நேரம்

மாத்திரையைத் தூக்கத்தோடும் எழுந்திருப்பதோடும் முடிச்சுப் போடுவதுதான் ஷிப்ட் வேலையில் நேரும் முதல் தவறு. ஷிப்ட் மாறினால் முதலில் இடம் மாறுவது தூக்கம்தான். அதோடு கட்டிய மாத்திரையும் கூடவே நகரும்.

ஒரு தாளில் 24 மணி நேரத்தைக் குறித்து மூன்று கோடுகள் போடுங்கள். காலை டியூட்டி வாரம், மாலை டியூட்டி வாரம், இரவு டியூட்டி வாரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டிலும் தூங்கும் நேரத்தைக் கறுப்பாக்குங்கள். நம் செவிலியருக்குக் காலை வாரத்தில் இரவு 10 முதல் காலை 6 வரை தூக்கம். மாலை வாரத்தில் நள்ளிரவு 12 முதல் காலை 7 வரை. இரவு வாரத்தில் காலை 9 முதல் மாலை 4 வரை. மூன்று கோட்டிலும் வெள்ளையாக இருப்பவை காலை 7 முதல் 9 வரையும், மாலை 4 முதல் இரவு 10 வரையும்தான்.

காலை 8 மணி டியூட்டி கைமாறும் நேரம். நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்கிற பரபரப்பில் மாத்திரை நினைவில் நிற்காது. இரவு 8 மணியும் அப்படியே. மாலை 7 மணி நன்றாகப் பொருந்துகிறது. காலை டியூட்டி வாரத்தில் அப்போது வீட்டில் இருப்பார். இரவு டியூட்டி வாரத்தில் வீட்டிலிருந்து கிளம்பத் தயாராகிக்கொண்டிருப்பார். மாலை வாரத்தில் மட்டும் வார்டில் இருப்பார், அதற்கு அட்டை கைப்பையில் இருந்தால் போதும். 10 மணியிலிருந்து 7 மணிக்கு மாறுவதும் எளிது. ஒரு நாள் 3 மணி நேரம் முன்னதாகப் போட்டால் வேலை முடிந்தது.

இங்கே ஒன்றை மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை முன்னதாகப் போடுவதால் பாதுகாப்பு குறையாது. பிந்தினால்தான் குறையும். 24 மணி நேரத்துக்குப் பதில் 18 மணியிலோ 14 மணியிலோ அடுத்ததைப் போட்டால், சிலருக்கு வயிறு கொஞ்சம் புரட்டலாம், அவ்வளவுதான். சந்தேகம் வரும்போதெல்லாம் முந்துகிற பக்கமே சாயுங்கள்.

"இன்றைக்குப் போட்டேனா?" என்ற குழப்பத்துக்கு அட்டையே சாட்சி. சில அட்டைகளில் ஒவ்வொரு மாத்திரைக்கும் மேலே கிழமை அச்சாகியிருக்கும். இல்லாவிட்டால் பேனாவால் எழுதிக்கொள்ளலாம். இரவு டியூட்டி முடித்து வருகிறவருக்குச் சனிக்கிழமை காலை என்பது இன்னும் முடியாத வெள்ளிக்கிழமைதான். சனிக்கிழமை மாத்திரை அட்டையில் அப்படியே இருந்தால், அது இன்னும் பாக்கி என்று பொருள். மனக்கணக்கைவிட அட்டையை நம்புவது நல்லது.

சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு

இனி பயணம். டெசோஜெஸ்ட்ரல் போடும் ஒரு பெண் ஜனவரி மாதம் சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தினமும் இரவு 9 மணிக்கு மாத்திரை. வெள்ளி இரவு 9 மணிக்கு வீட்டிலேயே போட்டுவிட்டார். சனி அதிகாலை 3 மணிக்கு விமானம். நடுவில் ஓரிடத்தில் மாறி, எல்லாம் சேர்த்து 24 மணி நேரப் பயணம்.

ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ இந்தியாவைவிட 13 மணி 30 நிமிடம் பின்னால் இருக்கும். அவர் இறங்கும்போது சென்னையில் ஞாயிறு அதிகாலை 3 மணி. அங்கே சனி மதியம் 1.30. போன் தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிக்கொள்கிறது. அன்றிரவு 9 மணிக்கு அலாரம் அடிக்கிறது. அட்டையைப் பார்க்கிறார், சனிக்கிழமை மாத்திரை இருக்கிறது. எடுத்துப் போடுகிறார். அலாரமும் சரி, கிழமையும் சரி, அட்டையும் சரி. ஆனால் சென்னையில் அப்போது ஞாயிறு காலை 10.30. வெள்ளி இரவு 9 மணியிலிருந்து கணக்குப் போட்டால் 37 மணி 30 நிமிடம். மாத்திரை 13 மணி 30 நிமிடம் பிந்திவிட்டது. டெசோஜெஸ்ட்ரலின் 12 மணிக் கெடு தாண்டிவிட்டது.

மேற்கே போகும்போது பகல் நீள்கிறது. உள்ளூர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டால் இடைவெளியும் கூடவே நீளும். கிழக்கே போனால் நாள் சுருங்கும், இடைவெளியும் சுருங்கும். அதனால் ஆபத்து பெரும்பாலும் மேற்குப் பயணத்தில்தான்.

இதற்குத் தீர்வு மிக எளிது. சென்னை இரவு 9 மணி என்பது ஜனவரி சான் பிரான்சிஸ்கோவில் காலை 7.30. சனிக்கிழமை மாத்திரையை விமானத்திலேயே, இந்திய நேரம் இரவு 9 மணிக்குப் போட வேண்டும். அங்கே இருக்கும் நாட்களில் தினமும் காலை 7.30. பல் தேய்த்து, காபி குடிக்கும் நேரம். இடைவெளி 24 மணி நேரத்திலேயே நிற்கும். திரும்பி வரும்போதும் எதையும் மாற்ற வேண்டாம், அங்கே காலை 7.30 என்பது இங்கே இரவு 9. மார்ச்சில் அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும்போது அது காலை 8.30 ஆகும். பசிபிக் கடலுக்கு மேலே தேதிக்கோட்டைத் தாண்டிப் போகும் விமானமானாலும் கணக்கு மாறாது. தேதி மாறினாலும் கடந்த மணி நேரம் கடந்ததுதான்.

எல்லா ஊருக்கும் இப்படி வசதியாக அமையாது. ஜனவரியில் சிட்னி நம்மைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். சென்னை இரவு 9 மணி அங்கே பின்னிரவு 2.30. அந்த நேரத்தில் எழுந்து மாத்திரை போட முடியாது. இங்கே முந்துவதுதான் வழி. சிட்னி இரவு 9 மணிக்கே போட்டால், இந்திய நேரம் மதியம் 3.30. முதல் நாள் இடைவெளி 18 மணி 30 நிமிடம், பிறகு வழக்கம்போல 24.

ஊர் திரும்பிப் பழைய 9 மணிக்கே வர வேண்டுமென்றால் ஒரு நாள் 5 மணி 30 நிமிடம் பிந்தும். இரண்டு ஹார்மோன் மாத்திரையும் டெசோஜெஸ்ட்ரலும் அதைத் தாங்கும். 3 மணிக் கெடு உள்ள மாத்திரை தாங்காது. அதைப் போடுகிறவர்கள் மதியம் 3.30க்கு ஒன்று, அன்றிரவு 9 மணிக்கு இன்னொன்று என்று போட்டுவிட்டால் இடைவெளி நீளாது. ஒரு மாத்திரை கூடுதலாகச் செலவாகும். அதற்காகவே உபரியாக ஒரு அட்டை வேண்டும்.

போன் அலாரத்தை நம்பாமல் இருப்பது எப்படி? உலகக் கடிகாரத்தில் சென்னையைச் சேர்த்து வைக்கலாம். போன் காலண்டரில் நிகழ்வைக் குறிக்கும்போது நேர மண்டலத்தை இந்தியா என்று பூட்டினால், எங்கே போனாலும் அதே கணத்தில் நினைவூட்டும். அதைவிட எளிது, இந்திய நேரத்தை மாற்றாமல் ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொள்வது.

அட்டைகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் போட்டால், மாத்திரை போட வேண்டிய நேரத்தில் அது காலுக்கடியில் சரக்கு அறையில் இருக்கும், தொலைந்தும் போகலாம். விமானத்தில் குமட்டி, மாத்திரை போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால், போட்டது போடாததற்குச் சமம். உடனே இன்னொன்று போடவும். ஒரு நாளுக்கு மேல் கடுமையான வயிற்றுப்போக்கு நீடித்தால் மாத்திரை தவறியதாகவே கருத வேண்டும்.

நீண்ட பயணத்தில் இரண்டு ஹார்மோன் மாத்திரைக்கு இன்னொரு கவனமும் தேவை. கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் வாய்ப்பை ஈஸ்ட்ரோஜன் கொஞ்சம் கூட்டும். மாத்திரை போடாத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு இது வருகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் சேர்ந்த மாத்திரை போடுகிறவர்களில் 5 முதல் 7 பேருக்கு வருகிறது. 4 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே இருப்பதும் அதைக் கூட்டும். இடையிடையே எழுந்து நடக்க வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால், அல்லது திடீரென மூச்சுத் திணறினால், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குடும்பத்தில் இரத்த உறைவு இருந்தவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

இடைவேளை வாரமும் பயணமும் சேர்ந்தால்

இரண்டு ஹார்மோன் மாத்திரையின் பலவீனமான இடம் புது அட்டையின் தொடக்கம் என்று பார்த்தோம். ஷிப்ட் மாறும் நாளோ விமான நாளோ சரியாக அங்கே வந்து விழுந்தால், அந்த இடைவேளையையே எடுத்துவிடலாம். 21 ஹார்மோன் மாத்திரை முடிந்ததும் இரும்புச்சத்து மாத்திரைகளை விட்டுவிட்டு, மறுநாளே புது அட்டையைத் தொடங்க வேண்டும். அந்த மாதம் இரத்தப்போக்கு வராது, அதனால் உடலுக்குக் கெடுதல் இல்லை. இடைவேளையில் வரும் இரத்தப்போக்கு உண்மையான மாதவிடாயும் அல்ல. ஹார்மோன் நிற்பதால் கருப்பை உள்வரி உதிர்வதுதான் அது.

கெடு தாண்டிவிட்டால்

நினைவு வந்த உடனே ஒன்றைப் போட வேண்டும், ஒரே நாளில் இரண்டு போட நேர்ந்தாலும் சரி. அடுத்ததை வழக்கமான நேரத்திலேயே போட வேண்டும். இதற்கு மேல் செய்ய வேண்டியது வகைக்கு வகை மாறும்.

ஒற்றை ஹார்மோன் மாத்திரை அதன் கெடுவைத் தாண்டியிருந்தால், அடுத்த 2 நாட்களுக்கு ஆணுறை வேண்டும். சளி மறுபடி கெட்டியாக அவ்வளவு நேரம் பிடிக்கும். இரண்டு ஹார்மோன் மாத்திரையில் ஒன்று மட்டும் தவறினால் போட்டுவிட்டுத் தொடரலாம். அடுத்தடுத்து இரண்டோ அதற்கு மேலோ தவறினால், தொடர்ந்து 7 மாத்திரை போட்டு முடியும் வரை ஆணுறை வேண்டும். சினைப்பை அடங்க அந்த ஏழு தேவை. தவறியது அட்டையின் கடைசி வாரமென்றால், இடைவேளை விடாமல் புது அட்டைக்குப் போய்விட வேண்டும். முதல் வாரத்தில் தவறி, அந்த நாட்களில் உறவும் நடந்திருந்தால், அவசரக் கருத்தடை தேவையா என்று தாமதிக்காமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பலன்.

இடையில் லேசாக இரத்தம் பட்டால் மாத்திரை தோற்றுவிட்டது என்று பொருளல்ல. நேரம் முன்பின்னாகும் வாரங்களில் அது சகஜம். மாத்திரை தவறிய மாதத்தில், இடைவேளை வாரத்தில் இரத்தப்போக்கு வராவிட்டால்தான் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும். பாதுகாப்பில்லாத உறவு நடந்து 3 வாரம் ஆனபின் செய்த பரிசோதனையை நம்பலாம்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் மணிக்கணக்கு கைகூடாதவர்கள் இருப்பார்கள். அவர்கள் தங்களைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம், முறையை மாற்றலாம். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சென்ட்குரோமான் ஹார்மோன் இல்லாத மாத்திரை. சஹேலி என்று கடையிலும், சாயா என்று அரசுத் திட்டத்திலும் கிடைக்கிறது. முதல் 3 மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. அது உடலைவிட்டு மிக மெதுவாக வெளியேறுவதால் சில மணி நேர வித்தியாசம் அதைப் பாதிக்காது. காப்பர்-டி போட்டவர்களுக்கோ கடிகாரமே தேவையில்லை. எது யாருக்கு ஆகும் என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மாத்திரையையே தொடர்கிறவர்கள் இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். அட்டையை எடுத்து, அதன் பின்பக்கம் பேனாவால் ஓர் எண்ணை எழுதுங்கள்: 24, 12 அல்லது 3. உங்கள் மாத்திரை எத்தனை மணி நேரத் தாமதத்தைத் தாங்கும் என்பது அந்த எண். டியூட்டி அட்டவணை கைக்கு வரும்போதும் விமானச் சீட்டு எடுக்கும்போதும் முதலில் அதைப் பாருங்கள்.